நாலு சீரும் நாலு தட்டும்

கல்லூரிக் கலைவிழா நெருங்கும்போது தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றி ஒரு ராப் எழுதும் வேலை எந்த அணிக்காவது வந்து சேரும். முதல் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முதல் அடி ‘சேமிக்க வேண்டும்’ என்று முடியும், அடுத்தது ‘காக்க வேண்டும்’ என்று முடியும், மூன்றாவது ‘மாற வேண்டும்’. எழுதியவர்கள் இதை ரைமிங் என்று நினைக்கிறார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவது ரைமிங் ஆகாது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருவதால் அடி முடிவில் ஓசை ஒத்துப்போவது எந்த முயற்சியும் இல்லாமலே நடந்துவிடுகிறது. அதனால்தான் கேட்பவர் காது அதை மதிப்பதில்லை.

அப்படியானால் ஓசை ஒப்புமையை அடிக்குள்ளேயே வைக்க வேண்டும். ராப் எழுதுபவர்கள் இதை ‘இன்டர்னல் ரைம்’ என்கிறார்கள். எங்கே வைப்பது என்பதற்கு நம் யாப்பிலக்கணத்தில் தயாராக ஒரு வரைபடம் இருக்கிறது. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: நாற்சீர் அடி ஒன்றில் எதுகை எந்தெந்தச் சீரில் விழுகிறது என்பதை வைத்து அதற்குப் பெயர் சொல்வார்கள். ஒன்றிலும் இரண்டிலும் வந்தால் இணை, ஒன்றிலும் மூன்றிலும் வந்தால் பொழிப்பு, ஒன்றிலும் நான்கிலும் வந்தால் ஒரூஉ. முதல் மூன்றிலும் வந்தால் கூழை, இரண்டாம் சீரை மட்டும் விட்டு மற்ற மூன்றில் வந்தால் மேற்கதுவாய். இன்னும் இரண்டு உண்டு, இங்கே தேவையில்லை.

ராப் பீட்டில் ஒரு ‘பார்’ என்பதும் நான்கு தட்டுதான். சீர் ஒன்றுக்குத் தட்டு ஒன்று என்று வைத்தால் இரண்டும் அப்படியே பொருந்துகின்றன. வழக்கமான பீட்டில் ஒன்றாம், மூன்றாம் தட்டில் கனமான டிரம் அடி விழும். இரண்டிலும் நான்கிலும் ‘ஸ்னேர்’ என்கிற சுள்ளென்ற ஒலி வரும். ஆக, பொழிப்பு எதுகை கனமான அடிகளின் மேல் உட்காரும். நான்காம் சீரில் எதுகை வைத்தால் அது ஸ்னேரோடு சேர்ந்து வெடிக்கும்.

எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய நாலடி இது. களம் ஒரு மாணவர் விடுதியின் மொட்டைமாடி.

தொட்டி நெறஞ்சு கொட்டி வழியுது
கட்டில்ல படுத்தவன் எட்டிப் பாக்கல
மோட்டரப் போட்டவன் பாட்டுக்குப் போய்ட்டான்
லாரி வந்தாத்தான் ஊருக்கு மாரி

முதல் இரண்டு அடிகளும் பொழிப்பு: தொட்டி–கொட்டி, கட்டில்ல–எட்டி. மூன்றாவது கூழை: மோட்டர, போட்டவன், பாட்டுக்கு. நான்காவது மேற்கதுவாய்: லாரி, ஊருக்கு, மாரி. மூன்றாம் அடியின் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘போய்ட்டான்’ என்பதில் இரண்டாம் எழுத்து ‘ய்’ என்பதால் விதிப்படி அது எதுகைக் கணக்கில் வராது. ஆனால் உள்ளே இருக்கும் ‘ட்டா’ காதில் விழத்தான் செய்யும். மேடையில் நீதிபதி காதுதான்; அது கூடுதல் லாபம்.

எதுகையில் இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது, அதை மாணவர்கள் எளிதில் தவற விடுகிறார்கள். இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதலெழுத்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும். தொட்டியும் கொட்டியும் குறிலில் தொடங்குகின்றன; மோட்டரும் போட்டவனும் நெடிலில். ‘தொட்டி’யை ‘மோட்டர்’ உடன் கோர்த்தால் காகிதத்தில் இரண்டிலும் ‘ட்ட’ தெரியும், பாடும்போது ஒட்டாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. நெடில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வதால், அந்த ‘ட்ட’ தட்டிலிருந்து நழுவித் தாமதமாக வந்து விழுகிறது. பழைய விதி சும்மா போட்டதல்ல. மேலே உள்ள நாலடியில் முதல் இரண்டு குறிலிலும் அடுத்த இரண்டு நெடிலிலும் ஓடுவதற்குக் காரணமும் இதுதான்: நடுவில் நடை சற்றே கனக்கிறது, கடைசி அடிக்கு எடை கிடைக்கிறது.

வேகம் எவ்வளவு? நிமிடத்துக்கு 90 தட்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு பார் ஏறத்தாழ 2.7 விநாடி. பதினாறு அடி கொண்ட முழுப் பகுதி 43 விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு தட்டை நாலாகப் பிரித்தால் பாருக்குப் பதினாறு இடம் கிடைக்கும். என் அடிகளில் பத்து முதல் பன்னிரண்டு சிலபிள் வரையே இருக்கிறது, மிச்சம் மூச்சுக்கு. ‘நிலத்தடிநீர்மட்டம்’, ‘விழிப்புணர்வு’ போன்ற நீளச் சொற்களை அடுக்கும் அணிகள் மூன்றாம் அடியிலேயே மூச்சு வாங்குவதைப் பார்க்கலாம். ‘நிறைந்து’ என்பதை விட்டு ‘நெறஞ்சு’ என்று எழுதியதும் அதற்காகத்தான். பேச்சுத்தமிழில் தொடங்கினால் கடைசி வரை பேச்சுத்தமிழாகவே இருக்கட்டும். நடுவில் ‘வேண்டும்’ வந்து நின்றால் மேடைப்பேச்சு வாடை அடிக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சொட்டும் குழாய் எல்லோருக்கும் பிடித்த படிமம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு, அதாவது நாலு லிட்டர் சொச்சம். வீண்தான், ஆனால் ‘ஒரு சொட்டால் ஊரே காயுது’ என்று பாடினால் கேட்பவர் நம்ப மாட்டார். நிரம்பி வழியும் மேல்நிலைத் தொட்டியோ வேறு கதை. வழிந்தோடும் குழாயின் கீழே ஒரு 15 லிட்டர் குடத்தை வையுங்கள். அது அரை நிமிடத்தில் நிரம்புகிறது என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர். மோட்டரை அணைக்க இருபது நிமிடம் தாமதமானால் 600 லிட்டர், அதாவது நாற்பது குடம். உங்கள் விடுதியில் வேறு எண் வரலாம். அளந்து பார்த்து அந்த எண்ணையே பாட்டில் போடுங்கள். எனக்குக் கிடைத்த நாற்பதை அடுத்த நாலடியின் தொடக்கமாக இப்படி வைக்கலாம்:

நாப்பது குடத்தக் காப்பாத்த ஆளில்ல

இதுவும் பொழிப்புதான். எண் இருக்கிறது, ஆனால் புள்ளிவிவரம் படிப்பதுபோல் இல்லை.

லாரி அடியை மிகை என்று சிலர் சொல்லக்கூடும். 2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்கள் சொல்ல மாட்டார்கள். ஏரிகள் வற்றி, தெருவே லாரிக்காகக் குடத்தோடு நின்ற கோடை அது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு வில்லிவாக்கத்துக்கு ரயிலே வந்தது.

மேடைக்கு முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பீட்டைப் போடாமல், தொடையில் நாலு தட்டு தட்டிக்கொண்டே பாடுங்கள். வரிகளைப் பார்க்காத நண்பர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, ஓசை ஒத்துப்போகும் இடத்திலெல்லாம் விரலைத் தூக்கட்டும். அடி முடிவில் மட்டும் விரல் எழுந்தால் உள்ளே எதுகை இல்லை, அல்லது இருந்தும் தட்டில் விழவில்லை. இரண்டாவது என்றால் சொல்லை மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலும் முன்னால் இருக்கும் ஓர் ‘அந்த’வையோ ‘நம்ம’வையோ நீக்கினாலே எதுகை தட்டுக்கு வந்துவிடும். கல்லூரி அரங்கில் எதிரொலி அதிகம் என்றால் வேகத்தை 85-க்குக் குறைப்பது நல்லது. ‘மாரி’ சொன்னதும் அடுத்த அடியை உடனே தொடங்காமல் முதல் தட்டைக் காலியாக விடுங்கள்.