கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை கிலோவாட் போதும்?

தேனியிலிருந்து கூடலூர் வரை மாடிக்கு மாடி சோலார் தகடுகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பல வீடுகளில் தேவைக்கு இரண்டு மடங்கு ஏறுகிறது என்பது என் கருத்து. பென்ஷன் பணத்தில் செலவு செய்கிற நம் போன்றவர்களுக்கு இது லட்சங்களில் வந்து நிற்கும் சமாச்சாரம். கணக்கு கஷ்டமானதல்ல. இரண்டு இடங்களில் மட்டும் சறுக்கும். அந்த இரண்டையும் எங்கள் உத்தமபாளையம் வீட்டுக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

முதல் சறுக்கல் மின் கட்டணத்தில் இருக்கிறது. நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள். மீட்டர் அட்டையில் இருக்கும் யூனிட் 60 நாளுக்கானது. எங்கள் வீட்டுக்கு விலை சொல்ல வந்தவர் சித்திரை, வைகாசியை ஒட்டிய கட்டணச் சீட்டைத்தான் கேட்டு வாங்கினார். அதில் 640 யூனிட். அதை மாதக் கணக்காக எடுத்துக்கொண்டு 30ஆல் வகுத்து, "ஒரு நாளைக்கு 21 யூனிட் சார், 5 கிலோவாட் போட்டுருங்க" என்றார். இரண்டு மாதக் கணக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. வருடத்திலேயே அதிகமான கோடைச் சீட்டு வருடம் முழுவதற்கும் அளவுகோலாகிவிட்டது.

நான் அட்டையை எடுத்து ஒரு வருடத்தின் ஆறு கணக்குகளையும் எழுதினேன். 640, 520, 500, 420, 380, 480. மொத்தம் 2,940 யூனிட். 12ஆல் வகுத்தால் மாதம் 245. நாளுக்கு 8 யூனிட்தான். அவர் சொன்ன 21 எங்கே, இந்த 8 எங்கே?

இரண்டாவது சறுக்கல் வெயிலில் இருக்கிறது. "நம்ம ஊர்ல காலை ஆறரைக்கு அடிக்கிற வெயில் சாயங்காலம் வரைக்கும் இருக்கே, பத்து மணி நேரம் கிடைக்காதா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பழைய வானிலை நிலையங்களில் ஒரு கண்ணாடிக் குண்டு இருக்கும். வெயில் அதன் வழியாகக் குவிந்து, பின்னால் வைத்த அட்டையில் கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். சுட்ட கோட்டின் நீளத்தை அளந்து இன்று இத்தனை மணி நேரம் வெயில் என்று எழுதுவார்கள். காலை எட்டு மணி வெயிலும் உச்சி வெயிலும் அந்த அட்டைக்கு ஏறக்குறைய ஒன்றுதான். சோலார் தகடுக்கு அப்படி இல்லை. அதற்கு வெயிலின் பலம் வேண்டும்.

ஆகவே சோலார் கணக்கில் 'வெயில் மணி' என்றால் வேறு பொருள். ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் பலத்தோடு விழும் உச்சி வெயிலே முழு வெயில். காலை இளவெயில், மாலை மங்கல், மேகம் மூடிய நேரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கினால் எத்தனை மணி நேர முழு வெயிலுக்குச் சமம் என்பதே கேள்வி. நம் பக்கம் வருடச் சராசரியாக 5 மணி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

அந்த 5 மணியும் அப்படியே மின்சாரமாக வந்துவிடாது. தகடு சூடாவது, தூசி, வயர், இன்வெர்ட்டர் என்று வழியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்சம் 4. அதாவது ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மாதத்துக்கு 120. எனவே உங்கள் உண்மையான மாத யூனிட்டை 120ஆல் வகுத்தால் கிலோவாட் வந்துவிடும். எங்களுக்கு 245ஐ வகுத்தால் 2 கிலோவாட். 5 அல்ல.

நான் இன்னும் ஒரு படி கீழே இறங்கச் சொல்வேன். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் நமக்கு இலவசம். வருடத்துக்கு 600 யூனிட். சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து மாடியில் ஏன் தயாரிக்க வேண்டும்? 2,940இல் 600 போனால் 2,340, நாளுக்கு 6.4 யூனிட். 4ஆல் வகுத்தால் 1.6 கிலோவாட். இப்போது வருகிற 550 வாட் தகடுகள் மூன்று போட்டால் 1.65 கிலோவாட் ஆகிறது. நமக்கு வலிப்பது உச்சிப் படி யூனிட்கள்தான். 500ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டின் விலை ஏறுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறைகிறது. அந்த உச்சியை வெட்டினால் போதும். கட்டணத்தைப் பூஜ்யமாக்க வேண்டும் என்ற ஆசைதான் செலவைக் கூட்டுகிறது. 2024இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் மானியமும் இதைத்தான் சொல்கிறது. முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எத்தனை போட்டாலும் மானியம் 78,000இல் நின்றுவிடும்.

"பேரப்பிள்ளைகள் வந்தால் ஏசி போடணுமே" என்பார்கள். போடுங்கள். இரவு முழுக்க ஓடும் ஒரு ஏசிக்கு 8 யூனிட் என்றே வைப்போம். கோடையில் 90 நாள் ஓடினால் 720 யூனிட். வருடத்துக்குப் பரப்பினால் நாளுக்கு 2 யூனிட், அதாவது அரை கிலோவாட். இன்னும் ஒரு தகடு சேர்த்தால் தீர்ந்தது. பகலில் மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போய் நம் கணக்கில் கழிவதால் இப்படிப் பரப்பிப் பார்க்க முடிகிறது. பேட்டரி வைத்துத் தனியாக ஓட்டுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

நம் பள்ளத்தாக்குக்கென்று சில குணங்கள் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் மேற்கு மலையைத் தாண்டி மேகம் இறங்கும், சாரல் அடிக்கும். அப்போது கிலோவாட்டுக்கு 4 எதிர்பார்க்க வேண்டாம். ஐப்பசி அடைமழையிலும் அப்படித்தான். அந்த மாதங்களைப் பார்த்துத் தகடு கூட்டினால் மற்ற மாதங்களில் வீணாகும். சித்திரை வெயிலிலும் நினைத்த அளவு வராது. தகட்டின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். தகடு 60 டிகிரியில் கொதித்தால் 14 சதவீதம் போச்சு. வானம் தெளிந்து காற்றும் குளிர்ந்திருக்கும் தை, மாசி நாட்களில்தான் தகடு நன்றாக வேலை செய்யும்.

மலை மறைத்துப் பொழுது சீக்கிரம் சாய்கிறதே என்று கம்பம், கூடலூர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அந்தக் கடைசி ஒரு மணி வெயிலில் பலமே இல்லை. கவலைப்பட வேண்டியது பக்கத்துத் தென்னையையும் மாடித் தண்ணீர்த் தொட்டியையும் பற்றித்தான். தகடுகள் வரிசையாகக் கோர்த்திருப்பதால், ஒன்றில் விழும் நிழல் வரிசையையே இழுத்துவிடக்கூடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நிழல் நீளமாக இருக்கும். அப்போது காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் மாடி ஏறிப் பாருங்கள். நிழல் விழாத இடமே தகடு வைக்கும் இடம்.

பொருத்திய பிறகு இன்வெர்ட்டர் காட்டும் தினசரி யூனிட்டை ஒரு நோட்டில் எழுதுங்கள். 2 கிலோவாட்டுக்கு மாசியின் தெளிந்த நாளில் 8 வர வேண்டும். 5தான் வருகிறது என்றால் தூசியா, நிழலா என்று பாருங்கள். மேலும் தகடு வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

விலை சொல்ல வருபவரிடம் ஆறு கணக்குகளின் மொத்தத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். 12ஆல் வகுத்து, பிறகு 120ஆல் வகுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு கிலோவாட் சொன்னாலும், எதற்கு என்று அவர்தான் காரணம் சொல்ல வேண்டும்.