‘ஃபிட்னஸ்’ என்று ஒரு சீட்டு

போன மாதம் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், வயது 78, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தவர், இன்சுலின் போடுகிறவர். “ஹார்ட் பேஷண்ட், கார்டியாலஜி ஃபிட்னஸ் வந்தால்தான் ஆபரேஷன்” என்றார்கள். எக்கோவுக்கு இரண்டு நாள் போயிற்று. பிறகு “ஆஞ்சியோவும் பார்த்துவிடலாமே” என்று பேசியே இன்னும் இரண்டு நாள். ஐந்தாம் நாள் நிமோனியா வந்துவிட்டது. ஒன்பதாம் நாள்தான் ஆபரேஷன் நடந்தது. இன்னும் அவரால் எழுந்து நடக்க முடியவில்லை.

முப்பது வருடம் மயக்க மருந்து கொடுத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: யாருக்காக இந்தச் சீட்டு? நோயாளிக்கா, நாளை கேள்வி வந்தால் காட்டுவதற்கா?

இதய ஆபத்தைக் கணிக்க 1999 முதல் ஆறு கேள்விகள் உண்டு. இதய ரத்தக்குழாய் அடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், இன்சுலின், கிரியேட்டினின் 2-க்கு மேல், வயிற்றுக்குள்ளோ மார்புக்குள்ளோ செய்யும் அறுவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நம் பெரியவருக்கு அடைப்பும் இன்சுலினும் சேர்ந்து இரண்டு. குடல் அறுவையாக இருந்தால் மூன்று. ஜாக்கிரதையாகச் செய் என்றுதான் அந்த எண் சொல்கிறது, செய்யாதே என்று அல்ல.

இன்னொரு கேள்வி: விழுவதற்கு முன் மூச்சு வாங்காமல் இரண்டு மாடி ஏறுவாரா? தண்ணீர்த் தொட்டி பார்க்க தினமும் மொட்டைமாடி ஏறியவர் அவர். செலவில்லாத பரிசோதனை அது. யாரும் கேட்கவில்லை.

உண்மையில் நிறுத்தவேண்டிய காரணங்கள் உண்டு. நெஞ்சுவலி இப்போது இருந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடினால் முதலில் அதைச் சரிசெய்யத்தான் வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு கேட்டால் வால்வு சுருங்கியிருக்கலாம். அன்றைக்கே கட்டிலருகே எக்கோ எடுக்கட்டும். அது மயக்க முறையைத் தேர்ந்தெடுக்க உதவும், நாளைத் தள்ள அல்ல.

ஆஞ்சியோ? அறிகுறி அடங்கியிருக்கும் இதய நோயாளிகளுக்கு, பெரிய ரத்தக்குழாய் அறுவைக்கு முன் அடைப்பை நீக்கிப் பார்த்தார்கள். பின்னாளில் சாவு குறையவில்லை என்று 2004-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு காட்டியது. புதிதாக ஸ்டென்ட் வைத்தால் மாதக்கணக்கில் இரண்டு ரத்த மாத்திரை வேண்டும். முறிந்த எலும்பு அதுவரை காத்திருக்குமா?

குடலிறக்கமோ, தேய்ந்த மூட்டை மாற்றுவதோ என்றால் நிதானமாகப் பார்க்கலாம், அவகாசம் இருக்கிறது. முறிவுக்கு 36 முதல் 48 மணி நேரம்தான் கணக்கு. படுக்கையும் வலியும் ரத்த இழப்பும் அந்த இதயத்தைத்தான் தினமும் வாட்டுகின்றன.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் டாக்டரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “சார், இந்த டெஸ்ட் எப்படி வந்தாலும் நீங்கள் செய்யப்போவது மாறுமா?” மாறாது என்றால், எதற்காகக் காத்திருக்கிறோம்?