6.15 மணி பஜ்ஜியும் 7 மணி ஜிம்மும்



கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 34. தொப்பையைக் குறைக்க ஜிம்மில் சேர்ந்திருக்கிறார். "நடந்தால் ஒன்றும் செய்வதில்லை. வயிற்றுப் பயிற்சிக்காகப் படுத்தால் போதும், நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணீர் தொண்டை வரை வருகிறது. ஜிம்மை நிறுத்திவிடலாமா?" என்று கேட்கிறார்.

நிறுத்த வேண்டாம் தம்பி. உங்கள் சாப்பாட்டு நேரத்தைப் பார்ப்போம். அதையும் கடிதத்திலேயே எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று. மதியம் 1 மணிக்குச் சாப்பாடு. மாலை 6.15-க்கு ஆபீஸ் வாசலில் இரண்டு பஜ்ஜி, ஒரு டீ. 7 மணிக்கு ஜிம். இரவு 9.30-க்கு வயிறு முட்டச் சாப்பாடு, 10.15-க்குப் படுக்கை.

உணவுக்குழாய் இரைப்பையைச் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு தசை இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, பிறகு இறுக மூடிக்கொள்ளும். வயிறு உப்பியிருந்தால் அது அவ்வப்போது தானாகவே தளரும். நமக்கு ஏப்பம் வருவது அப்படித்தான். காற்று மேலே வரும் அந்த வழியில் அமிலமும் வந்தால் அதுதான் எதுக்களிப்பு. எண்ணெய்ப் பலகாரம் அந்தத் தசையைத் தளர்த்தும், இரைப்பையை விட்டு இறங்கவும் நேரமெடுக்கும். ஆகவே 7 மணிக்கு அந்த பஜ்ஜி பெரும்பாலும் வயிற்றில்தான் இருக்கும். அந்த நிலையில் மல்லாந்து படுத்து வயிற்றை மடக்கினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, அமிலத்துக்கு மேலே வர வழி கிடைக்கிறது. மூச்சை அடக்கி எடை தூக்கினாலும் இதே கதைதான். நிமிர்ந்து நடக்கும்போது இந்த அழுத்தம் இல்லை. அதனால்தான் நடை அவரை ஒன்றும் செய்யவில்லை.

சரி, எப்படி மாற்றுவது? பொதுவாக, முழுச் சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் நடுவே மூன்று மணி நேரமாவது வேண்டும். சிறு சிற்றுண்டிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். இந்தத் தம்பி 4.45 வாக்கில் இரண்டு இட்லியை லேசான சட்னியோடு சாப்பிடலாம். காலையிலேயே டப்பாவில் எடுத்துப்போய்விட்டால் பஜ்ஜிக் கடை பக்கம் போக வேண்டியிராது. டீயையும் அப்போதே முடித்துக்கொள்ளட்டும். 6 மணிக்கு மேல் பசி பொறுக்கவில்லை என்றால் மட்டும் ஒரு வாழைப்பழம். தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், இடையிடையே ஒரு வாய். ஜிம்மில் நின்று செய்யும் பயிற்சிகளை முதலில் வைத்து, படுத்துச் செய்வதைக் கடைசிக்குத் தள்ளலாம். எடையைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பயிற்சி முடிந்த பசியில் மொத்தமாகச் சாப்பிட்டு உடனே சாய்ந்தால், ஜிம்மில் தப்பிய எரிச்சல் நடுராத்திரியில் வரும். 8.30-க்கே, இப்போது சாப்பிடுவதில் பாதியளவு போதும். மீதியை மதியத்திலும் 4.45 சிற்றுண்டியிலும் ஈடுகட்டலாம். படுக்கையை 11 மணிக்குத் தள்ள முடிந்தால் நல்லது. முடியாத நாளில் தலைமாட்டை உயர்த்தி, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கலாம்.

எரியும்போது சோடா குடிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். ஏப்பம் விட்டதும் லேசானது போலத் தெரியும். ஆனால் அந்த வாயுவே வயிற்றை உப்பவைத்துத் தசையை மறுபடி தளர்த்துகிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. முதலில் மாலைச் சிற்றுண்டியின் நேரத்தை மட்டும் மாற்றி, என்ன சாப்பிட்டோம், எப்போது எரிந்தது என்று இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்துவாருங்கள். காரணம் சாப்பாடு என்றால், இடைவெளி கூடக் கூட எரிச்சல் குறைவது அதில் தெரியும். குறையாமல் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வந்தாலும், விழுங்கச் சிரமமிருந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அவரைக் கேட்காமல் சாப்பாட்டு நேரத்தை மாற்றவோ வெறும் வயிற்றில் பயிற்சி செய்யவோ வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், வேகமாக நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சு இறுகி, நின்றால் தணிகிறதா? கையிலோ தாடையிலோ வலி பரவுகிறதா? வியர்த்துக் கொட்டுகிறதா? அதை வாயு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓய்வெடுத்தும் வலி விடவில்லை என்றால் உடனே 108-ஐ அழையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்