தீய்ந்த கோட்டுக்கு என்ன விலை?

கல்முனையில் உலர்சலவைக்குக் கொடுத்த எமது கலியாணக் கோட்டு, முதுகில் தீய்ந்து திரும்பி வந்தது. புதுக்கோட்டின் விலையையே கேட்கச் சொல்லிற்று எமது கோபம். ஆயினும், உடுத்திப் பழகிய துணிக்குப் புதுத்துணியின் விலையைக் கேட்பது நியாயமன்று. ஆகவே இவ்வாறு எழுதினோம்:

“வாங்கி இரண்டாண்டு, விலை 24,000 ரூபா. கோட்டின் ஆயுளை நான்காண்டு எனக் கொண்டால், எஞ்சியது பாதி. எனவே 12,000 ரூபாவும் சலவைக்கூலியும் 14 நாட்களுக்குள் தருக.”

பற்றுச்சீட்டுகளின் பிரதிகளை இணைத்தோம். கோட்டை மட்டும் கையளிக்கவில்லை, அதுவே எமது சாட்சி. கடைக்காரர் மறுப்பின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதை வாசகர்கள் மறவாதிருப்பாராக.