ஒரு ஆளைத் தூக்க எவ்வளவு?

படம் வருவதற்கு முன்னாலேயே கேள்வி வந்துவிடுகிறது: "தம்பி, ஒரு ஆளைத் தூக்கணும், எவ்வளவு ஆகும்?" எந்த ஆள், எங்கே நிற்கிறார், அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எந்த அளவில் பிரிண்ட் போடப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டால் ஸ்டூடியோக்காரருக்கு எரிச்சல். கலர் கரெக்‌ஷனுக்குப் படத்துக்கு இவ்வளவு என்று சொல்வதைப்போல இதற்கும் ஒரே விலை சொல்ல வேண்டுமாம்.

தூக்குவதற்கு நேரமே ஆகாது. ஆள் போனபிறகு அந்த இடத்தில் ஓட்டை விழுகிறதே, அதில் என்ன இருந்திருக்கும் என்று கண்டுபிடித்து வரைவதுதான் வேலை. வெறும் வானத்துக்கு முன்னால் ஒரு யானையே நின்றாலும் பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம். பட்டுப்புடவைக்கு முன்னால் ஒரு விரல் நின்றால் ஒரு மணி நேரம் போகும். விலை ஆளின் அளவைப் பொறுத்ததில்லை, அவர் மறைத்ததைப் பொறுத்தது. இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது!

போன முகூர்த்த சீசனில் வந்த ஒரு வரவேற்பு குரூப் போட்டோவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடை ஓரத்தில் லைட் பிடிக்கும் பையன் ஸ்டாண்டோடு ஃபிரேமுக்குள் வந்துவிட்டான். முதலில் வாட்ஸ்அப்பில்தான் வந்தது, 1600 பிக்சல் நீளம். 300 டிபிஐயில் அது ஐந்தரை அங்குலத்துக்குக்கூட எட்டாது. ஸ்டூடியோக்காரர் போடப்போவதோ 36 அங்குல ஆல்பம் விரிப்பு. ஒரிஜினல் ஃபைலைக் கெஞ்சி வாங்கி, நூறு சதவீதத்தில் பெரிதாக்கி, பையன் மறைத்த இடங்களைத் தனித்தனியாகப் பிரித்தேன்.

பின்னால் இருந்த பூ அலங்காரம் மங்கலாகத்தான் இருந்தது. பக்கத்திலிருந்து க்ளோன் செய்ய அரை மணி நேரம் போதும். பளபளப்பான கிரானைட் தரையில் அவனுடைய நிழலும் பிரதிபலிப்பும் விழுந்திருந்தன; பலர் மறந்துவிடும் இடம் இது. ஆளை எடுத்துவிட்டுப் பிரதிபலிப்பை விட்டால் தரையில் ஒரு ஆவி நிற்கும். அதற்கு ஒரு மணி நேரம். அடுத்தது ஓர் அம்மாவின் காஞ்சிபுரம் புடவை. ஜரிகை பார்டர் நேர்கோட்டில் ஓடாது, ஒவ்வொரு மடிப்பிலும் திரும்பி ஒடுங்கும். ஒரு மடிப்பில் இருப்பதை நகலெடுத்து அடுத்ததில் ஒட்டினால் கண் உடனே பிடித்துவிடும். மடிப்புக்கு மடிப்பு வளைத்து, வெளிச்சம் சரிசெய்து பொருத்த இரண்டரை மணி நேரம். கடைசியாக, அந்த அம்மாவின் இடது கை. அது படத்திலேயே இல்லை. இன்னொரு படத்திலிருந்து கையைக் கொண்டுவந்து, தோல் நிறமும் கிரெய்னும் ஒட்டவைக்க இரண்டு மணி நேரம்.

இந்தக் கணக்கைக் குத்துமதிப்பாகப் போடுவதில்லை. புடவையில் மிகக் கடினமான ஒரு மடிப்பை மட்டும் முதலில் செய்து பார்த்து, மற்ற மடிப்புகளுக்குப் பெருக்கினேன். முடிந்தபின் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் போட்டு, படத்தை இருட்டாக்கியும் வெளிறவைத்தும் பார்க்க வேண்டும். சாதாரணமாகத் தெரியாத திட்டும், திரும்பத் திரும்ப வரும் பூவும் அப்போதுதான் வெளியே வரும். அதற்கும் திருத்தத்துக்கும் ஒரு மணி நேரம், வாடிக்கையாளர் கேட்கும் ஒரு மாற்றத்துக்கு இன்னொன்று. ஆக எட்டு மணி நேரம், மணிக்கு 400 என்று 3200 ரூபாய் சொன்னேன். "ஒரு ஆளுக்கா?" என்றார்.

விலை சொல்வதற்கு முன்பே அவரிடம் கேட்டிருந்தேன்: "அண்ணே, இதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்த ஃபிரேம் இருக்கா?" குரூப் போட்டோவை யாரும் ஒரே ஒரு கிளிக்கோடு விடுவதில்லை. கேமரா அதே இடத்தில் இருக்க, பையன் மட்டும் கொஞ்சம் நகர்ந்த ஒரு படம் கிடைத்தால் போதும். புடவை, தரை, கை எல்லாமே அதில் அசலாக இருக்கும். இரண்டையும் அலைன் செய்து, மாஸ்க் போட்டு, ஓரங்களைச் சரிசெய்தால் முடிந்தது. "அதெல்லாம் இல்ல தம்பி, இது ஒண்ணுதான்" என்றார்.

அதை நம்பி, வேறொரு படத்திலிருந்து ஒரு கையைத் தேடிப் பொருத்தி, வேலையை முடித்துக் கொடுத்தேன். மறுநாள் ஃபோன். "அம்மா ஆறு கண்ணாடி வளையல் போட்டிருந்தாங்களாம், நீ ரெண்டுதான் போட்டிருக்க." கூடவே ஆதாரமாக ஒரு படமும் அனுப்பினார். அதே மேடை, அதே வரிசை, அடுத்த ஃபிரேம். பையன் வெளியே போய்விட்டான். இடது கை, ஆறு வளையலோடு, முழுசாகத் தெரிகிறது.

"இதை ஏண்ணே அப்பவே அனுப்பல?"

"அதுல மாப்பிள்ளையோட சித்தப்பா கண்ணை மூடிட்டாரு தம்பி, அதான் வேஸ்ட்ல போட்டுட்டேன்."

அவர் கண்ணை மூடினால் எனக்கென்ன? எனக்கு வேண்டியது அந்த ஓரம் மட்டும்தான். அந்தப் படம் முதலிலேயே வந்திருந்தால் வேலை இரண்டரை மணி நேரத்தில், 1000 ரூபாயில் முடிந்திருக்கும். மீதி 2200 அண்ணனிடமே இருந்திருக்கும், அந்த அம்மாவுக்கும் தன்னுடைய சொந்தக் கையே கிடைத்திருக்கும்.