விசா கையில் இருக்கு... போர்டிங் பாஸ் ஏன் இல்லை?

‘விசா கிடைச்சாச்சு, இனி என்ன கவலை?’ என்று பெட்டி கட்டி, ஊறுகாய் பாட்டிலை நாலு சுற்று பாலித்தீனில் சுற்றி, விடியற்காலை விமானத்துக்கு நள்ளிரவே கிளம்பிப் போகிறோம். செக்-இன் கவுன்டரில் பாஸ்போர்ட்டை நீட்டுகிறோம். அங்கிருக்கும் பெண் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார், விசாவைப் பார்க்கிறார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். பிறகு, “மேடம், நீங்க இந்த ஃப்ளைட்ல போக முடியாது” என்கிறார்.

‘தூதரகமே விசா கொடுத்த பிறகு தடுக்க இவர் யார்?’ என்று கோபம் வருவது நியாயம்தான். ஆனால், அந்தக் கவுன்டருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், டிக்கெட் எடுக்கும்போதே இந்தச் சிக்கலைத் தவிர்த்துவிடலாம்.

அபராதம் விமான நிறுவனத்துக்கு!

சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்தால், அவரை ஏற்றி வந்த நிறுவனத்துக்குத்தான் பல நாடுகள் அபராதம் போடுகின்றன. பிரிட்டனில் ஒரு பயணிக்கு 2,000 பவுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு பயணிக்கு ஆயிரக்கணக்கான யூரோ. அதோடு, அந்தப் பயணியைத் திருப்பி அழைத்துப்போகும் பொறுப்பும் அதே நிறுவனத்தின் தலையில்தான். நம் டிக்கெட்டில் அவர்களுக்கு நிற்கும் லாபத்தைவிட இது பல மடங்கு அதிகம். அதனால்தான் ‘சந்தேகமாக இருந்தால் ஏற்றாதே’ என்பது கவுன்டர் ஊழியர்களுக்கான எழுதாத பாடம்.

சரி, இருநூறு நாடுகளின் விசா விதிகளை அந்தப் பெண் மனப்பாடமா செய்திருப்பார்? இல்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான அயாட்டா நடத்தும் ‘டிமாட்டிக்’ என்ற தகவல் தளத்தைத்தான் பெரும்பாலான நிறுவனங்கள் பார்க்கின்றன. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறி போன்ற அடையாளங்களோடு இரண்டு வரிகள் இருக்குமே, அதை மெஷினில் தேய்த்தால் நம் குடியுரிமை, பிறந்த தேதி, பாஸ்போர்ட் காலாவதி தேதி எல்லாம் திரையில் வந்துவிடும். போகும் நாடு எது, வழியில் எங்கே விமானம் மாறுகிறோம், கையில் என்னென்ன விசா என்பதைச் சேர்த்துக் கொடுத்தால், ‘ஏற்றலாம்’, ‘இந்த நிபந்தனையோடு ஏற்றலாம்’, ‘கூடாது’ என்று பதில் வரும். பிறகு ஊழியர் விசாவைக் கையில் வாங்கி பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, எத்தனை முறை நுழையலாம் என்பதையெல்லாம் ஒப்பிடுவார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ‘இவரிடம் விசா இருக்கிறதா?’ என்பது மட்டும் அல்ல அவருடைய கேள்வி. ‘இந்தப் பாஸ்போர்ட்டோடு, இந்த வழியாக, இந்தத் தேதியில் இவர் போகலாமா?’ என்பதே கேள்வி. செல்லுபடியாகும் விசா இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது அந்த ‘வழியாக’ என்ற இடத்தில்தான்.

ஒரே டிக்கெட்... அப்பா போகலாம், அம்மா போக முடியாது!

ஓர் உதாரணம் சொல்கிறேன். ரிட்டயர் ஆன தம்பதி. மகள் பாரிஸில் இருக்கிறாள்; ஜூன் கடைசியில் பிரசவம். இருவருக்கும் ஷெங்கன் விசா வந்துவிட்டது. சென்னையிலிருந்து லண்டன், அங்கே விமானம் மாறி பாரிஸ் என்று ஒரே டிக்கெட்டாக மலிவாகக் கிடைக்க, மாப்பிள்ளை ஆன்லைனில் புக் செய்துவிட்டார். லண்டனில் மூன்று மணி நேரம்தான் காத்திருப்பு. ஏர்போர்ட்டை விட்டு வெளியே வரப்போவதே இல்லை.

சென்னை கவுன்டரில், “சார், உங்களுக்கு ஓகே. மேடத்துக்கு லண்டன் டிரான்சிட் விசா இல்லையே?” என்கிறார்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பிரிட்டன் விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே, வெளியே வராவிட்டாலும், தனி டிரான்சிட் விசா வேண்டும் என்பது பிரிட்டனின் விதி. இதற்குச் சில விலக்குகள் உண்டு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், அந்த நாட்டுக்குப் போகாவிட்டாலும்கூட டிரான்சிட் விசா தேவையில்லை. அப்பாவிடம் பழைய பயணத்துக்கு எடுத்த அமெரிக்க விசா இன்னும் உயிரோடு இருக்கிறது. அம்மாவின் அமெரிக்க விசா போன வருடமே முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

“அதான் ஷெங்கன் விசா இருக்கே?” என்று கேட்கலாம். சுற்றுலாவுக்கோ, உறவினரைப் பார்க்கவோ கொடுக்கும் குறுகிய கால ஷெங்கன் விசா இந்த விலக்குப் பட்டியலில் இல்லை. அங்கேயே வசிப்பவர்களுக்கான ரெசிடென்ஸ் பர்மிட்டும், நீண்ட காலத் தங்கலுக்கான ‘டி’ வகை விசாவும்தான் இருக்கின்றன. பிரான்ஸ் போக அம்மாவுக்கு முழு உரிமை உண்டு. லண்டன் வழியாகப் போகத்தான் உரிமை இல்லை. டெல்லி, மும்பை, பெங்களூருவிலிருந்து நேரடியாகப் பாரிஸ் போகும் விமானத்திலோ, துபாய், தோஹா வழியாகவோ டிக்கெட் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. வளைகுடா விமான நிலையங்களில் டிரான்சிட் பகுதிக்குள்ளேயே இருந்து விமானம் மாற நமக்கு விசா தேவையில்லை.

இரண்டு டிக்கெட் என்றால் இன்னும் சிக்கல்

சில நூறு ரூபாய் மிச்சம் என்று சென்னை - லண்டன் ஒரு நிறுவனத்திலும், லண்டன் - பாரிஸ் வேறு ஒரு மலிவு நிறுவனத்திலும் தனித்தனியாக டிக்கெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது சென்னைக் கவுன்டரைப் பொறுத்தவரை நாம் பாரிஸ் பயணி அல்ல, லண்டன் பயணி. பெட்டியும் லண்டன் வரைதான் போகும். அதை எடுக்க இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வரவேண்டும். மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். ஏர்போர்ட்டுக்குள்ளேயே இருப்பதற்கான டிரான்சிட் விசா வைத்திருந்தாலும் இங்கே உதவாது. பிரிட்டனுக்குள் நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பெட்டியில் ஒட்டும் டேக். அதில் கடைசி ஊராக CDG (பாரிஸ்) இருந்தால் பெட்டி நேராகப் போகிறது. LHR (லண்டன்) என்று இருந்தால் பெட்டியை லண்டனில் நாம்தான் எடுக்க வேண்டும். ஆனால், டேக் ஒட்டும்வரை காத்திருக்காமல் டிக்கெட் எடுக்கும்போதே, “பெட்டி கடைசி ஊர்வரை போகுமா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

‘01’ என்ற இரண்டு எழுத்து

அடுத்த சிக்கல் திரும்பும் வழியில் வரும். ஷெங்கன் விசா ஸ்டிக்கரில் நாம் எல்லோரும் பார்ப்பது, FROM, UNTIL என்ற இரண்டு தேதிகளை மட்டும். அதே அளவு முக்கியமானவை இன்னும் இரண்டு: NUMBER OF ENTRIES, DURATION OF STAY.

FROM ஜூன் 10, UNTIL ஆகஸ்ட் 23, DURATION OF STAY 60 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு தேதிக்கும் இடையே 75 நாள் இருக்கிறது. ஆனால், தங்கக்கூடியது 60 நாள்தான். மீதி 15 நாள், பயணத் தேதி கொஞ்சம் முன்பின் ஆனால் சமாளிக்கக் கொடுத்த இடைவெளி. போய் இறங்கிய நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும்.

NUMBER OF ENTRIES என்ற இடத்தில் MULT என்று இருந்தால் பலமுறை நுழையலாம். 01 என்று இருந்தால் ஒரே முறை. ஒரு குடும்பம் பாரிஸ், சுவிட்சர்லாந்து பார்த்துவிட்டு, முறையான பிரிட்டன் விசாவோடு லண்டன் போகிறது. நாலு நாள் கழித்து ரோம் போய், அங்கிருந்து சென்னை திரும்புவதாகத் திட்டம். பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. எனவே லண்டன் கிளம்பியபோதே அவர்கள் ஷெங்கனை விட்டு வெளியேறிவிட்டார்கள். ஒரு நுழைவு முடிந்துவிட்டது. UNTIL தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தாலும், லண்டன் கவுன்டரில் ரோம் விமானத்துக்கு ஏற்ற மாட்டார்கள். ‘முத்திரை குத்தவே இல்லையே’ என்று வாதாடவும் முடியாது. 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதிலாகக் கணினிப் பதிவு படிப்படியாக வந்துவிட்டது.

இந்தக் குடும்பம் செய்திருக்க வேண்டியது சின்ன மாற்றம்தான். ரோமை முதலில் பார்த்துவிட்டு லண்டனைக் கடைசியாக வைத்து, அங்கிருந்தே சென்னை திரும்பியிருக்கலாம். அல்லது விண்ணப்பிக்கும்போதே பயணத் திட்டத்தைக் காட்டி, இரண்டு அல்லது பலமுறை நுழைவு கேட்டிருக்கலாம்.

கவுன்டரில் தடுத்துவிட்டால்..?

முதலில் சண்டை வேண்டாம், கேள்வி வேண்டும். “எந்த ஆவணம் குறைகிறது? டிமாட்டிக்கில் வந்திருப்பதைக் காட்டுங்களேன்” என்று கேளுங்கள். ஊழியர்களும் தவறு செய்வதுண்டு. செல்லுபடியாகும் விசா பழைய பாஸ்போர்ட்டில் இருப்பதைச் சொல்லாமல் விட்டிருப்போம். விலக்கு தரும் அமெரிக்க விசாவை அவர் கணினியில் சேர்க்காமல் விட்டிருப்பார். டியூட்டி மேனேஜரை அழைத்து மறுபடி பார்க்கச் சொன்னால், இந்த மாதிரி விஷயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். கவுன்டர் மூடுவதற்குள் இதெல்லாம் நடக்க வேண்டும் என்பதால், மூன்று மணி நேரம் முன்பே போவது வெறும் சம்பிரதாயம் இல்லை.

அவர்கள் சொல்வது சரிதான் என்றால், கவுன்டர் மூடும் முன் டிக்கெட்டை ரத்து செய்யவோ, தேதி மாற்றவோ சொல்லுங்கள். அப்படியே வீடு திரும்பினால் ‘நோ-ஷோ’ ஆகி, திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகிவிடலாம். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டாக இருந்தாலும், வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வரவேண்டியவை. அதைக் கேட்டு வாங்குங்கள். சீட்டுக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு ஏற்றாமல் விட்டால் தரும் நஷ்டஈடு, ஆவணம் குறைந்ததால் ஏற்றாதபோது கிடைக்காது.

இதெல்லாம் வேண்டாம் என்றால், பணம் கட்டும் முன் டிக்கெட்டில் உள்ள ஊர்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு ஊருக்கு எதிரிலும், ‘இங்கே இமிகிரேஷனைத் தாண்டுகிறேனா? இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கே டிரான்சிட் விசா வேண்டுமா?’ என்று எழுதி, அந்த நாட்டு அரசின் இணையதளத்திலோ, அயாட்டாவின் பயண ஆவணப் பக்கத்திலோ பார்த்து நிரப்புங்கள். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. அம்மா, அப்பா இருவர் பாஸ்போர்ட்டையும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். ஒருவருக்குச் சரியாக இருப்பது இன்னொருவருக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதில்லை.