மேசை மேல் ஒட்டும் கியூஆர்: உள்ளே என்ன இருக்க வேண்டும்?

சிறிய உணவகத்தில் ஒட்டிய மெனு கியூஆர் சில மாதங்களில் திடீரென்று வேலை செய்யாமல் போனால், பழுது பெரும்பாலும் ஸ்டிக்கரில் இருக்காது. இலவசமாக கியூஆர் செய்து தரும் பல தளங்கள் உங்கள் முகவரியை அதற்குள் வைப்பதில்லை. தங்கள் முகவரியை வைத்து, அங்கிருந்து உங்கள் மெனுவுக்குத் திருப்பிவிடுகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் திருப்புவதை நிறுத்திவிடுகின்றன. இதைக் கண்டுபிடிப்பது எளிது: கேமராவை ஸ்டிக்கரிடம் காட்டினால் திரையில் ஓர் இணைப்பு தெரியும். அதில் wa.me என்று இருந்தால் அது நேராக வாட்ஸ்அப்புக்குப் போகிறது. உங்களுக்குச் சம்பந்தமில்லாத தளத்தின் பெயர் தெரிந்தால் நடுவில் ஒருவர் இருக்கிறார்.

கியூஆர் என்பது கட்டங்களாக அச்சிட்ட எழுத்துதான். தானாக அது காலாவதி ஆகாது. எனவே மாறாதவற்றை மட்டும் கட்டத்துக்குள் வைப்போம். விலை, அன்றைய அயிட்டம் போன்ற மாறுகிறவை வாட்ஸ்அப் கேட்லாக்கில் இருக்கட்டும்.

ஆறு மேசையுள்ள ஒரு டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்கென்று தனி சிம் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைத் தொடங்க வேண்டும். செயலி இலவசம், முதலாளியின் சொந்த வாட்ஸ்அப் இருக்கும் அதே போனிலும் ஓடும். கேட்லாக்கில் இட்லி, பொங்கல், தோசை என்று படம், விலையுடன் ஏற்றுங்கள். ஒவ்வொன்றையும் வாட்ஸ்அப் பரிசீலித்த பிறகே அது வாடிக்கையாளருக்குத் தெரியும். அதனால் ஏற்றிய அன்றே ஸ்டிக்கரை ஒட்ட வேண்டாம். பிறகு மேசைக்கு ஒன்றாக இணைப்பு எழுதுங்கள். நான்காம் மேசைக்கு இப்படி:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=T4
```

எண்ணுக்கு முன்னால் கூட்டல் குறியோ சுழியமோ வரக் கூடாது. கியூஆர் செய்யும் இடத்தில் ‘static’ வகையைத் தேர்ந்தெடுங்கள். ‘மேசை 4’ என்று தமிழிலேயே எழுதலாமே என்று தோன்றும். ஆனால் இணைய முகவரிக்குள் ஒவ்வொரு தமிழ் எழுத்தும், அதன் துணைக்குறியும், ஒன்பது குறிகளாக விரிகின்றன. M என்ற பிழைதிருத்த நிலையில், T4 என்றால் பக்கத்துக்கு 29 கட்டம் போதும். ‘மேசை 4’ என்றால் 37 ஆகிவிடும். ஸ்டிக்கர் அதே அளவுதான், கட்டங்கள் சிறுத்துவிடும். எண்ணெய்க் கறை பட்டால் பழைய போன்கள் முதலில் திணறும். தமிழை ஸ்டிக்கரின் மேல் பெரிதாக அச்சிடுங்கள். நான்கைந்து சென்டிமீட்டர் அளவும், சுற்றிலும் வெள்ளை ஓரமும், பளபளக்காத லேமினேஷனும் வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் பளபளப்பில் பட்டுத் தெறித்தால் கேமரா படிக்காது.

வாடிக்கையாளர் ஸ்கேன் செய்ததும் T4 என்று எழுதிய செய்தி தயாராக நிற்கும். அதை அவர்தான் அனுப்ப வேண்டும். பிறகு மேலே உள்ள கடைப் படத்தைத் தொட்டு, இரண்டு பொங்கல், ஒரு வடை என்று கார்ட்டில் சேர்த்து அனுப்புவார். சிலர் T4 அனுப்பாமல் நேரே கார்ட்டை அனுப்பிவிடுவார்கள். மேசை எண் இல்லாமல் ஆர்டர் வந்தால் காரணம் இதுதான். எந்த மேசை என்று கேட்டுவிடுங்கள்.

பெரிய சிக்கல் இதற்குப் பிறகு வருகிறது. அனுப்பியவர் ஆர்டர் சொல்லிவிட்டதாக நினைத்துக் காத்திருப்பார். காலைக் கூட்டத்தில் கல்லாவில் இருப்பவர் போனைப் பார்த்திருக்க மாட்டார். தானாகப் போகும் வரவேற்புச் செய்தி இதை மோசமாக்கும். புதியவர் அதையே உறுதி என்று எடுத்துக்கொள்வார். தினம் வருகிறவருக்கோ அது போகவே போகாது. முதல் முறை எழுதுகிறவருக்கும், 14 நாள் பேசாமல் இருந்தவருக்கும்தான் போகும். ஆகவே வரவேற்பில் “உறுதி செய்தி வந்த பிறகே சமையல் தொடங்கும்” என்று எழுதுங்கள். உறுதியை ஓர் ஆள் அனுப்ப வேண்டும். ‘குயிக் ரிப்ளை’யில் /ok என்று வைத்துக்கொண்டால் ஒரு நொடி வேலை. போனைப் பார்க்கும் பொறுப்பு எந்த நேரத்தில் யாருக்கு என்று முடிவாகாத கடை, அது முடிவாகும்வரை ஸ்டிக்கர் ஒட்டாமல் இருப்பதே நல்லது என்பேன்.

கார்ட்டில் சேர்த்ததால் பொருள் ஒதுக்கப்படுவதில்லை. பொங்கல் தீர்ந்ததும் கேட்லாக்கில் அதை மறைத்துவிடுங்கள். அழிக்க வேண்டாம், நாளைக்குத் தேவைப்படும்.

மேசையில் யுபிஐ கியூஆரும் இருந்தால், பலர் மெனுவைப் பணம் செலுத்தும் செயலியில் ஸ்கேன் செய்து, செல்லாது என்று வந்ததும் விட்டுவிடுவார்கள். பணத்துக்கானதைக் கல்லாவில் வையுங்கள். மெனு ஸ்டிக்கரில் “போன் கேமராவில் காட்டவும்” என்று எழுதுங்கள். பணம் கட்டியதாக வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் கணக்கில் வந்ததா என்று பாருங்கள்.

எல்லா ஸ்டிக்கரும் அந்த ஒரே எண்ணை நம்பியிருக்கின்றன. ரீசார்ஜ் செய்யாமல் எண்ணை இழந்தாலும், விளம்பரம் அனுப்பிப் பலர் புகார் செய்து கணக்கு முடங்கினாலும், ஆறு மேசையும் ஒரே நாளில் நின்றுவிடும். சாப்பிட வந்தவர் எண்ணைத் தந்தது அந்தச் சாப்பாட்டுக்காக மட்டும்தான். எண்ணைத் தர விரும்பாதவர்களும் உண்டு, குறிப்பாகப் பெண்கள். அவர்களுக்காகவும், ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களுக்காகவும் அச்சிட்ட மெனு அட்டை ஒன்று கடையில் எப்போதும் இருக்க வேண்டும். விலை மாறும் அன்று கேட்லாக்கையும் அட்டையையும் சேர்த்தே திருத்துங்கள்.